ரன்னிங் பில்லும் அளவுத் தாள் போட்டோவும்: அளவு, ரேட், இதுவரை கொடுத்த பணம் சரிபார்ப்பது எப்படி?

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் பேசி, செய்த அளவுக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் வீடு கட்டுபவர்களுக்கான பக்கம் இது. வேலை முடிவதற்கு முன், அதுவரை செய்ததற்குக் கான்ட்ராக்டர் அவ்வப்போது அனுப்புவதுதான் ரன்னிங் பில். மொத்தமாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, அஸ்திவாரம், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பவர்களுக்கு அளவுத் தாளே இருக்காது. அவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. எடுத்துக்காட்டில் வரும் ரேட்டுகள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. அவற்றை இன்றைய சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பில்லும் அளவுத் தாளும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்திருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும்?

எண்களுக்குப் போவதற்கு முன் தாள்கள் முழுதாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு தாளின் நான்கு மூலைகளும் படத்தில் தெரிய வேண்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது வலது ஓரம்தான். அளவும் தொகையும் இருக்கும் இடமும் அதுதான். பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, ஒரு பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகை அடுத்த பக்கத்தின் தலையில் அதே எண்ணாக வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு பக்கம் இல்லையென்றால் இங்கேதான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, பென்சில் எழுத்தும் புள்ளிகளும் மங்கிவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. தாளை மேசையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுத்தால் போதும்.

படத்தில் மூன்று விஷயங்கள் இல்லையென்றால் சரிபார்க்கத் தொடங்கவே வேண்டாம்: அளவெடுத்த தேதி, எந்த இடம் என்ற விவரம், அளவெடுக்கும்போது உடனிருந்தவரின் கையெழுத்து. ‘உள்பூச்சு 3,420 சதுர அடி’ என்று ஒரே வரி மட்டும் வந்தால் அதை அளவுத் தாள் என்று ஏற்க முடியாது. எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று வரி வரியாக இருந்தால்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒத்துப்பார்க்க முடியும்.

சில எண்கள் 1-ஆ 7-ஆ, 3-ஆ 8-ஆன்னே தெரியலை. ஊகிச்சுக்கலாமா?

ஊகிக்க வேண்டாம், திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரியில் எண்ணிக்கை 2, நீளம் மங்கல், உயரம் 10, அளவு 230 என்றிருந்தால், 230-ஐ 20-ஆல் வகுக்க நீளம் 11.5 என்று வரும். படத்தில் 11.5 போலவோ 17.5 போலவோ தெரிந்த எண் 11.5 என்று உறுதியாகிறது. அளவும் மங்கலாக இருந்தால் பக்கத்தின் கூட்டுத்தொகையிலிருந்து மற்ற வரிகளைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம்.

இந்த வழி சொல்வது கான்ட்ராக்டர் என்ன எழுதினார் என்பதை மட்டுமே. சுவர் நிஜத்தில் பதினொன்றரை அடி நீளம்தானா என்பதற்கு அது சாட்சி அல்ல. திருப்பிக் கணக்குப் போட்டும் எண் பொருந்தாத வரிகளை வட்டமிட்டு வையுங்கள். அடித்துத் திருத்தி எழுதிய வரிகளையும் வெள்ளை மை பூசி எழுதியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்து, டேப் பிடிக்கும்போது முதலில் அவற்றை அளந்துவிடுங்கள்.

நீளம் 10.6 என்று எழுதியிருக்கார். அது பத்தரை அடிதானே?

அங்கேதான் கேள்வி இருக்கிறது. தளத்தில் டேப்பில் படிப்பது 10 அடி 6 அங்குலம். அதைத் தாளில் 10.6 என்று குறிப்பார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து பெருக்குபவர் கால்குலேட்டரில் 10.6 என்றே அடித்துவிடுவார். 6 அங்குலம் அரை அடி என்பதால் அடிக்க வேண்டியது 10.5. அதேபோல 9 அங்குலம் 0.75 அடி, 3 அங்குலம் 0.25 அடி.

ஒரு படுக்கையறை 12 அடி 6 அங்குலத்துக்கு 10 அடி 9 அங்குலம், உயரம் 10 அடி என்று வையுங்கள். சரியான சுவர்ப் பரப்பு 2 × (12.5 + 10.75) × 10, அதாவது 465 சதுர அடி. 12.6, 10.9 என்றே அடித்தால் 470 வரும். ஓர் அறைக்கு 5 சதுர அடிதான் என்றாலும் எல்லா அறையிலும் எல்லா வேலையிலும் இது ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பிழை எப்போதும் கான்ட்ராக்டருக்கே லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. 11 அடி 10 அங்குலத்தை 11.10 என்று எழுதி அப்படியே பெருக்கினால் அது 11.1 ஆகிவிடும். உண்மையில் அது 11.83. அங்கே நஷ்டம் அவருக்கு. அதையும் நீங்களே எடுத்துச் சொன்னால், மற்ற திருத்தங்களைப் பற்றிப் பேசும்போது அவரும் நம்பிக் கேட்பார்.

எக்செல்லில் சரிபார்க்கும்போது அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து உள்ளிடுங்கள். அடி B-யிலும் அங்குலம் C-யிலும் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=B5+C5/12
```

தாளில் உள்ள எண் அடி-அங்குலமா தசமமா என்று சந்தேகம் வந்தால், அந்தப் பக்கம் முழுவதிலும் புள்ளிக்குப் பின் வரும் எண்களைப் பாருங்கள். .10, .11 என்று வந்து, .11-க்கு மேல் எதுவுமே வரவில்லையென்றால் அது அடி-அங்குலம். .25, .75 போன்றவை வந்தால் தசமம். இரண்டும் கலந்திருந்தால் எழுதியவரையே உட்காரவைத்து வரி வரியாகக் கேளுங்கள்.

எல்லா வரியையும் பெருக்கிப் பார்த்துட்டேன், கணக்கு சரியா இருக்கு. அப்போ அளவும் சரிதானே?

பெருக்கல் சரியாக இருப்பதும் அளவு சரியாக இருப்பதும் வேறு வேறு. அளவில் பணம் அதிகமாகப் போகும் இடங்கள் இரண்டு: மூலைகளும், ஒரு வேலை இன்னொன்றுக்குள் புகுந்திருக்கும் இடங்களும்.

வெளிப்புறம் 40 அடிக்கு 30 அடி உள்ள, தூண் இல்லாமல் 9 அங்குலச் சுவரே பாரம் தாங்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றுச் சுவரின் நீளம் 40 + 40 + 30 + 30, ஆக 140 அடி என்று எழுதியிருக்கிறது. நீளச் சுவர்கள் இரண்டையும் மூலைவரை 40 அடியாக எடுத்த பிறகு, குறுக்குச் சுவர் அவற்றுக்கு நடுவில்தான் நிற்கிறது. அதன் நீளம் 30-லிருந்து இரண்டு சுவர்க் கனத்தைக் கழித்து 28.5 அடி. எனவே சரியான மொத்தம் 137. நான்கு மூலைகளிலும் ஒரே செங்கல் இரண்டு முறை எண்ணப்பட்டதால்தான் அந்த 3 அடி கூடுகிறது.

அடுத்தது உயரம். தரையிலிருந்து ரூஃப் அடிவரை 10 அடி என்று போட்டிருக்கிறார். சுற்றிலும் தொடர்ச்சியாக 6 அங்குல லிண்டல் ஓடுகிறது. அதற்குக் கான்கிரீட் ரேட்டில் தனியாகப் பணம் கேட்டிருக்கிறார். அந்த அரை அடியில் செங்கல் கிடையாது. ஆக உயரம் 9.5 அடி.

அவர் கணக்கு 140 × 0.75 × 10, அதாவது 1,050 கன அடி. சரியான கணக்கு 137 × 0.75 × 9.5, அதாவது 976 கன அடி. வித்தியாசம் 74 கன அடி. கன அடி 210 ரூபாய் என்றால் 15,540 ரூபாய். அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணும் டேப்பில் பார்த்தால் உண்மைதான், பெருக்கலும் உண்மைதான். தப்பு, எதிலிருந்து எதுவரை அளப்பது என்பதில் இருக்கிறது.

தூண் போட்டுக் கட்டும் வீட்டில் மூலைப் பிரச்சினைக்குப் பதிலாகத் தூண் பிரச்சினை வரும். சுவர் நீளம் தூணுக்குத் தூண் இடைவெளியாகத்தான் இருக்க வேண்டும். தூணின் மையத்திலிருந்து மையத்துக்கு எடுத்தால் கான்கிரீட்டையும் செங்கலாகக் கணக்கிட்டதாகிவிடும். உயரமும் பீமின் அடிவரைதான்.

பூச்சு வேலையில கதவு, ஜன்னலைக் கழிக்கணுமா வேண்டாமா? கழிக்க மாட்டோம்னு மேஸ்திரி சொல்றார்.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதே விதி. ஒன்றும் எழுதவில்லை என்றால், கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1200-ஐ அடிப்படையாக வைத்துப் பேசலாம். அது திறப்பின் அளவைப் பொறுத்து மூன்று விதமாகச் சொல்கிறது.

அரை சதுர மீட்டர்வரை, அதாவது சுமார் 5.4 சதுர அடிக்குள் உள்ள வென்டிலேட்டர் போன்றவற்றைக் கழிப்பதில்லை. அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர்வரை, அதாவது சுமார் 32 சதுர அடிக்குள் உள்ளவற்றுக்கு, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே வகைப் பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். கழிக்காத அந்த இன்னொரு பக்கம், திறப்பின் உட்புற ஓரங்களைப் பூசும் வேலைக்கு ஈடாகிறது. அதனால் அந்த ஓரங்களுக்குத் தனியாக அளவு சேர்க்கக் கூடாது. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

சாதாரணமாக 3 அடிக்கு 7 அடிக் கதவு 21 சதுர அடி. அது நடு வகையில் வருகிறது. உள்சுவர்களில் அப்படி ஐந்து கதவுகள் இருந்தால் கழிவு 105 சதுர அடி. மேஸ்திரி சொல்வதுபோல எதையும் கழிக்காமல் விடுவது தரநிலைப்படி தவறு. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு ஓரங்களுக்கும் ஒன்றும் கொடுக்காமல் நீங்கள் விடுவதும் அதே அளவு தவறு.

வெளிச்சுவரில் உள்ளே ஒரு ரேட், வெளியே ஒரு ரேட் என்று பூச்சு மாறும். அங்கே கதவு, ஜன்னல் சட்டத்துக்கு எந்தப் பக்கம் ஓரத்தின் அகலம் குறைவோ அந்தப் பக்கத்துப் பூச்சில் கழிவு வரும். எந்தப் பக்கம் என்று உள்பூச்சுப் பில்லிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெளிப்பூச்சுப் பில் வரும்போது ‘அது உள்ளே கழித்தாயிற்று’ என்பார்கள், உள்ளே பார்த்தால் இருக்காது.

ஒரே சுவரை ரெண்டு பில்லில் போட்டிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேரைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது. ஒரு பில்லில் ‘பெட்ரூம் 2’ என்று வந்தது அடுத்ததில் ‘தென்மேற்கு ரூம்’ என்று வரும். வேண்டுமென்றே செய்தாலும் சரி, அளவெடுத்த ஆள் மாறினாலும் சரி, விளைவு ஒன்றுதான்.

வீட்டின் பிளானை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: செங்கல் கட்டுக்கு ஒன்று, உள்பூச்சுக்கு ஒன்று. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நிறம். பில் 1-ல் வந்த சுவர்களைச் சிவப்பிலும் பில் 2-ல் வந்தவற்றை நீலத்திலும் வரைந்து, பக்கத்தில் அளவுத் தாளின் பக்க எண்ணையும் வரி எண்ணையும் எழுதுங்கள். மூன்றாவது பில்லில் பச்சை போடப் போகும் இடத்தில் ஏற்கெனவே நீலம் இருந்தால் கண்ணிலேயே படும். கழிவு வரிகளையும் இப்படிக் குறித்தால், எந்தக் கதவு கழிக்கப்படாமல் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பழைய பில்களின் போட்டோக்களை வந்த தேதியுடன் தனியாகச் சேமித்து வையுங்கள். ‘சென்ற பில்வரை’ என்ற பத்தியில் உள்ள எண்ணை அந்தப் பழைய பில்லில் நீங்கள் ஒப்புக்கொண்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். அவர் அனுப்பிய, திருத்தாத எண்ணோடு ஒப்பிட்டால் பயனில்லை.

ரேட் ஒப்பந்தத்துல இருக்கிறதுதான். அதுல வேற என்ன பார்க்க இருக்கு?

தொகையை அளவால் வகுத்துப் பாருங்கள்; பில்லில் எழுதிய ரேட் வருகிறதா என்று தெரியும். பிறகு அந்த ரேட்டின் யூனிட்டைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, ஒரு கன மீட்டர் 35.315 கன அடி. அளவு அடியிலும் ரேட் மீட்டரிலும் இருந்தால் தொகை பத்து மடங்குக்கு மேல் வீங்கும், அது யாருக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் போவது, 4½ அங்குலச் சுவருக்குச் சதுர அடி ரேட் பேசியிருக்க, அதை 9 அங்குலச் சுவரோடு கன அடியில் சேர்த்துவிடுவது.

ரேட்டில் என்னென்ன அடக்கம் என்பதும் அதே அளவு முக்கியம். கான்கிரீட் ரேட்டில் செண்ட்ரிங் அடக்கம் என்று பேசியிருந்தால், பில்லின் கடைசியில் ‘செண்ட்ரிங் கூடுதல்’ என்ற வரி வரக் கூடாது. ஜிஎஸ்டி ரேட்டுக்குள்ளா வெளியிலா என்பதும் அப்படியே. ஒப்பந்தத்தில் இல்லாத புது வேலைகளைத் தனித் தாளில் எழுதச் சொல்லி, ரேட்டை ஒப்புக்கொண்ட பிறகே பில்லில் ஏற்றச் சொல்லுங்கள்.

பாதி முடிந்த வேலைக்கு முழு ரேட் கேட்பார்கள். சுவர் பூசியாகிவிட்டது, மின்குழாய்க்காகத் தோண்டிய வரிப்பள்ளங்கள் அடைபடவில்லை, ஓரங்கள் நேராக்கப்படவில்லை என்றால் முழு ரேட்டில் ஒரு பகுதியை மட்டும் இந்தப் பில்லில் கொடுத்து, மிச்சத்தை முடித்த பிறகு கொடுக்கலாம். 48 ரூபாய்க்கு இப்போது 42 என்பதுபோல. எவ்வளவு நிறுத்துகிறீர்கள், எதற்காக என்று பில்லிலேயே எழுதுங்கள்.

‘இதுவரை வாங்கியது’ன்னு போட்டுக் கழிச்சுத்தானே மிச்சம் கேட்டிருக்கார்? அதுல என்ன தப்பு வரும்?

மொத்தப் பில்லிலும் பெரிய தொகை தப்பிப்போவது இந்த வரியில்தான். எண்களோடு பார்ப்போம்.

பில் 2 முடியும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட வேலை: செங்கல் கட்டு 1,620 கன அடி, ரேட் 210, தொகை 3,40,200, கான்கிரீட் 940 கன அடி, ரேட் 290, தொகை 2,72,600. மொத்தம் 6,12,800. அதில், வேலை முடிந்த பிறகு திருப்பித் தருவதற்காக நீங்கள் நிறுத்தி வைக்கும் பிடித்தம் 5 சதவீதம், 30,640. நீங்கள் வாங்கிக் கொடுத்த 60 மூட்டை சிமென்ட்டுக்கு 24,000 கழித்தீர்கள். கையில் கொடுத்தது 5,58,160.

இப்போது பில் 3. செங்கல் கட்டு இதுவரை 1,850 கன அடி, கான்கிரீட் அதே 940, உள்பூச்சு 3,420 சதுர அடி, ரேட் 48. மொத்தம் 8,25,260. கான்ட்ராக்டர் இப்படிப் போட்டிருக்கிறார்: 8,25,260-லிருந்து இதுவரை வாங்கிய 5,58,160 போக 2,67,100. அதில் பிடித்தம் 5 சதவீதம் 13,355. கொடுக்க வேண்டியது 2,53,745.

பார்க்க நியாயமாகவே தெரிகிறது, வாங்கிய தொகையும் உண்மைதான். ஆனால் வேலையின் முழு மதிப்பிலிருந்து கையில் வாங்கிய பணத்தை மட்டும் கழித்ததால், சென்ற பில்லில் நீங்கள் பிடித்து வைத்த 30,640-ம் சிமென்ட்டுக்குக் கழித்த 24,000-ம் ‘மிச்சம்’ என்ற பெயரில் திரும்ப அவருக்கே போகின்றன. முழு மதிப்பு ஒரு பக்கம், பிடித்தம் போன தொகை மறுபக்கம் என்று இரண்டு வகை எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்ததுதான் காரணம்.

சரியான வழி, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவது. இதுவரை வேலை 8,25,260. இதுவரை பிடித்தம் 5 சதவீதம் 41,263. இதுவரை சிமென்ட் 24,000. இதுவரை அவருக்குச் சேர வேண்டியது 7,59,997. கொடுத்தது 5,58,160. இப்போது கொடுக்க வேண்டியது 2,01,837.

இதையே வேறு வழியிலும் போட்டு ஒத்துப்பாருங்கள். இந்தப் பில்லின் வேலை மட்டும் 8,25,260-லிருந்து 6,12,800 போக 2,12,460. அதில் 5 சதவீதம் 10,623 போக 2,01,837. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் நடுவில் ஏதோ ஒரு பிடித்தமோ முன்பணமோ இரண்டு முறை வந்திருக்கிறது அல்லது ஒரு முறைகூட வரவில்லை.

இனி மேலே கண்ட அளவுத் திருத்தங்களையும் சேர்ப்போம். செங்கல் கட்டு 74 குறைந்து 1,776 கன அடி, தொகை 3,72,960. உள்பூச்சு கதவுக் கழிவு 105 போக 3,315 சதுர அடி, தொகை 1,59,120. கான்கிரீட் 2,72,600. மொத்தம் 8,04,680. பிடித்தம் 40,234, சிமென்ட் 24,000 போக 7,40,446. கொடுத்தது 5,58,160 போக, கொடுக்க வேண்டியது 1,82,286.

கேட்டது 2,53,745. வித்தியாசம் 71,459 ரூபாய். இதில் டேப் பிடித்துக் கண்டுபிடித்தது 20,000 ரூபாய்க்குள்தான். 51,908 ரூபாய் உட்கார்ந்த இடத்தில், கழித்தல் கணக்கில் கிடைத்தது. பில் வந்ததும் நேராகத் தளத்துக்கு ஓடுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வாரா வாரம் சனிக்கிழமை கூலிக்குன்னு கொஞ்சம் பணம் கொடுக்கிறோம். அது பில்லில் வரவே இல்லை.

அது அவருக்குக் கொடுத்த பணம். ‘இதுவரை கொடுத்தது’ வரியில் கட்டாயம் சேர வேண்டும். பில் 2-க்குப் பிறகு வாரக் கூலியாக 40,000 கொடுத்திருந்தால், மேலே உள்ள 5,58,160 என்பது 5,98,160 ஆகி, கொடுக்க வேண்டியது 1,42,286 ஆகக் குறையும். ரொக்கமாகக் கொடுத்ததற்கு அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். மேஸ்திரியிடம் நேரடியாகக் கொடுத்திருந்தால், அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறார் என்று கான்ட்ராக்டரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

கழிக்கும் தொகைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. வருமான வரிக்காகப் பிடித்து அரசுக்குக் கட்டிய தொகை, கான்ட்ராக்டர் பெயரில் வரவாகிவிடுவதால், அவருக்குக் கொடுத்ததாகவே கணக்கு. பிடித்தம் அப்படியல்ல, அது இன்னும் உங்களிடம் உள்ள, வேலை முடிந்த பிறகு அவருக்குத் திருப்ப வேண்டிய பணம். சிமென்ட்டுக்குக் கழித்தது திருப்ப வேண்டியதே இல்லை. இந்த மூன்றையும் ‘கழிவு’ என்ற ஒரே வரியில் போட்டுவிட்டால் கடைசிப் பில்லில் எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

எக்செல் பிரிண்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. கம்ப்யூட்டர் போட்ட கூட்டல் தப்பாகுமா?

ஆகும். படத்தில் தெரியும் வரிகளை நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை அதைவிட அதிகமாக இருந்தால் நடுவில் மறைத்து வைத்த வரிகள் இருக்கலாம். எக்செல்லில் ஒரு வரியை மறைத்தாலும் கூட்டல் அதையும் சேர்த்துக்கொள்ளும். பிரிண்ட்டின் இடது ஓரத்தில் வரிசை எண்களும் அச்சாகியிருந்து, 14-க்கு அடுத்து 17 என்று தாவினால் அதுதான் அடையாளம்.

சில நேரம் கூட்டலில் கடைசி இரண்டு வரிகள் சேராமல் விடுபடும். இடையில் வரி சேர்க்கும்போது நடப்பது. கழிவு வரிகளில் கழித்தல் குறி இல்லாமல் போனால் கதவைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். அப்படியானால் பிழை கதவின் பரப்பைப்போல இரண்டு மடங்கு. கூடவே எக்செல் கோப்பையும் அனுப்பச் சொல்லுங்கள். தொகை இருக்கும் கட்டத்தைத் தொட்டால் சூத்திரம் தெரிய வேண்டும். வெறும் எண் இருந்தால் அது கையால் அடித்தது.

சில ரூபாய் வித்தியாசம் தசமத்தை முழுமையாக்குவதால் வரும். அதற்காகப் பில்லைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அஸ்திவாரம், ரூஃப் கம்பி எல்லாம் மூடியாச்சு. இப்போ எப்படிச் சரிபார்க்கிறது?

மூடிய பிறகு டேப்பால் முடியாது. வரைபடத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். குழிக்கு வரைபடத்தில் உள்ள நீள அகல ஆழமே அளவு. மண் சரிந்து அகலமானதற்குக் கூடுதல் பேசியிருந்தால் மட்டுமே தர வேண்டும். கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மில்லிமீட்டர் 0.889 கிலோ. வரைபடப்படி நீளத்தைக் கூட்டிப் பெருக்கிய எடையோடு பில்லில் உள்ள எடையை ஒப்பிடுங்கள். வெட்டில் போகும் துண்டுகள் ரேட்டில் அடக்கமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இனி வரும் மூடும் வேலைகளுக்கு, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளே கூட நின்று அளந்து, அன்றே தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள். டேப் விரித்தபடி, எண் தெரியும்படி போட்டோவும் எடுத்து வையுங்கள்.

‘போன பில்லுல நீங்களே ஒத்துக்கிட்டுப் பணமும் கொடுத்தீங்க, இப்போ எப்படிக் குறைக்கலாம்’னு கேட்கிறார்.

ரன்னிங் பில்லில் கொடுப்பது கடைசிக் கணக்குக்கு முன்னால் கொடுக்கும் பணம். மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளிலும் இடைக்காலப் பணம் இறுதித் தொகைக்கான முன்பணமாகவே கருதப்படுகிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பில் ஒப்புதல் கடிதத்திலேயே அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒவ்வொரு பில்லிலும் தொடக்கத்திலிருந்து மொத்த அளவையும் எழுதுவதே இதற்காகத்தான். பில் 2-ல் மூலைகளைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும், பில் 3-ல் மொத்தத்தை 1,776 என்று திருத்தினால் பழைய பிழை தானாகவே சரியாகிவிடும். இந்தப் பில்லுக்கு 156 கன அடிதான் நிற்கும். ஏதாவது ஒரு வேலையில் இந்தப் பில்லின் அளவு மைனஸில் வந்தாலும் அப்படியே எழுதலாம். அவர் விட்டுப்போன அளவைச் சேர்க்கவும் இதே வழி திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள். 11.10 என்று எழுதி இழந்த அறையை இதே தாளில் 11.83 என்று திருத்திக் காட்டி, இரண்டு திருத்தத்துக்கும் சேர்த்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.